உண்ணிக் காய்ச்சல் கிளெய்ம் நிராகரிப்பு: பாலிசியைப் புதுப்பிப்பதா, அந்தப் பணத்தைத் தனியே சேர்ப்பதா?

வேளச்சேரி_முத்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் முத்துவுக்கு நான்கு வயது. சென்ற ஆண்டு ஜூன் மாதம் அவனுக்கு ஒரு காப்பீட்டு பாலிசி எடுத்தேன். ஆண்டு பிரீமியம் 5,400 ரூபாய், சிகிச்சைக்கான உச்சவரம்பு 50,000 ரூபாய், ஒவ்வொரு கிளெய்மிலும் இருபது விழுக்காடு என் பங்கு. அக்டோபரில் அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தான். மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 32,000 என்று வந்தது, உண்ணிக் காய்ச்சல் உறுதியானது.

பக்கத்துக் கிளினிக்கில் ஏழு நாள்கள் காலையில் கொண்டுபோய், மேசையில் படுக்கவைத்து மூன்று மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றி, மதியம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மருத்துவர் கட்டணம் 4,200, பரிசோதனைகள் 9,800, டிரிப்ஸும் ஊசிகளும் 10,400, வீட்டில் கொடுத்த மாத்திரைகள் 3,000, ஆக மொத்தம் 27,400 ரூபாய். முத்து பிழைத்துக்கொண்டான், இப்போது நன்றாக இருக்கிறான்.

நிறுவனம் ஒரு ரூபாயும் தரவில்லை. இருபத்துநான்கு மணி நேரம் உள்நோயாளியாகச் சேர்க்கப்படவில்லை என்பது ஒரு காரணம், ஒட்டுண்ணிகள் தொடர்பான சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டது என்பது மற்றொன்று. இது சரிதானா? அடுத்த ஜூனில் மீண்டும் 5,400 கட்டுவதா, அல்லது அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருவான்மியூர்_கடற்கரை

எனக்குத் தெரிந்தவரை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், முன்பே இருந்த நோய் என்று சொல்லி எந்த நிறுவனமும் மறுக்க முடியாது. அதனால் இப்போது விட்டுவிடாதீர்கள், தொடர்ந்து கட்டி வாருங்கள். வருமான வரியில் 80டி பிரிவின் கீழ் கழிவும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வேறொரு நிறுவனத்துக்கு மாறினாலும் காத்திருந்த காலம் கணக்கில் சேரும்.

மாம்பலம்_பழைய_சர்வேயர்

நான் பொதுக் காப்பீட்டுத் துறையில் கிளெய்ம் மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கால்நடை, நாய், குதிரை ஆகியவற்றின் கோப்புகள் நிறையவே என் கையால் கடந்து போயிருக்கின்றன. முதலில் மேலே உள்ள பதிவைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பிப் பிரீமியம் கட்டுகிறவர்கள் பலர். அந்த மூன்று ஆண்டு விதியும், நிறுவனம் மாறும்போது காத்திருப்புக் காலத்தை உடன் எடுத்துச் செல்லும் உரிமையும் மனிதர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவை. நாய் பாலிசி அந்த வரிசையில் விற்கப்படுவதில்லை. சட்டத்தின் கண்ணில் நாய் உங்கள் உடைமை, அதற்கான பாலிசியும் இதர வகைக் காப்பீடு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஆகவே முன்பே இருந்த நோய் என்ற விலக்கு, பாலிசியில் வேறு விதமாக எழுதப்படாத வரை, பத்து ஆண்டுகளானாலும் விலக்காகவே இருக்கும். 80டி கழிவும் உங்களுக்கும், துணைவருக்கும், பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும்தான். முத்து உங்கள் பிள்ளைதான் என்றாலும் வருமான வரித்துறை அதை ஏற்பதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நிறுவனம் சொன்ன இரண்டு காரணங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதலாவது, பாலிசியின் முன்பகுதியில் உள்ள வரையறைகளிலிருந்து வருவது. மருத்துவமனையில் சேர்த்தல் என்றால் தொடர்ச்சியாக இருபத்துநான்கு மணி நேரம் என்று அங்கே எழுதியிருந்தால், நீங்கள் ஏழு நாள்கள் மூன்று மூன்று மணி நேரம் போனதைக் கூட்டி இருபத்தொரு மணி நேரம் என்று காட்டினாலும் பயனில்லை. வெளிநோயாளி சிகிச்சைக்கு நீங்கள் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அந்த வாசல் திறக்கும். பெரும்பாலானவர்கள் பிரீமியத்தைக் குறைப்பதற்காக அந்தக் கூடுதல் பகுதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இரண்டாவது காரணத்தில் சண்டைக்கு இடம் இருக்கிறது. விலக்குப் பகுதியில் உள்ள வாக்கியத்தை அப்படியே, ஒரு சொல்லும் விடாமல் இங்கே பதிவிடுங்கள். பிறகு பேசலாம்.

அம்பத்தூர்_லட்சுமி

சகோதரர் கேட்டது உண்ணிக் காய்ச்சலைப் பற்றி என்றாலும், என் அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதே கேள்வியில் நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பவள் தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவள், பெயர் செல்லி. எட்டு வயதில் பாலிசி கேட்டபோது வயது தாண்டிவிட்டது என்றார்கள். அதனால் அஞ்சலகத்தில் மாதம் 1,500 ரூபாய் என்று ஒரு தொடர் வைப்புத் தொடங்கினேன். மூன்று ஆண்டில் வட்டி நீங்கலாக 54,000 சேர்ந்தது.

போன ஆண்டு, பருவம் முடிந்து ஆறு வாரம் இருக்கும், செல்லி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சாப்பாடு இல்லை, வயிறு உப்பியது. வெயில் காலம் என்று நினைத்து நான் இரண்டு நாள்களை வீணாக்கிவிட்டேன். ஸ்கேன் எடுத்தபோது கருப்பை முழுவதும் சீழ். அன்று இரவே அறுவை செய்து கருப்பையை எடுத்தார்கள். எல்லாம் சேர்த்து 38,000 ஆனது. பணம் இருந்ததால் யாரிடமும் கை நீட்டவில்லை.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மீதி 16,000 ரூபாயோடு நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்தில் அவள் முலைக்காம்பு அருகில் கட்டி தெரிந்தது. அந்த அறுவைக்குச் சேமிப்பு போதவில்லை, நகையை வைத்தேன்.

கொளத்தூர்_கால்நடை

நான் சிறு பிராணிகளுக்கான மருத்துவர். லட்சுமி அம்மா சொன்ன அறிகுறிகளைக் கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளட்டும். பருவம் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் தண்ணீர் அதிகம் குடித்தால் வெயிலின் மேல் பழி போட வேண்டாம். காப்பீட்டின் பக்கம் இதில் ஒரு முரண் இருக்கிறது. கருத்தடை அறுவை விருப்ப அறுவை என்று பாலிசிகள் பணம் தருவதில்லை. அதைச் செய்யாமல் விட்டதால் வரும் கருப்பைச் சீழையும் சில பாலிசிகள் இனப்பெருக்கம் தொடர்பானது என்ற ஒரே தலைப்பில் சேர்த்து விலக்கிவிடுகின்றன.

முத்துவின் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் சிகிச்சை நடக்கிறது. நாயை இரவில் வைத்துக்கொள்ள இடமும், இரவுப் பணியாளரும் எல்லாக் கிளினிக்குகளிலும் இல்லை. இருந்தாலும், நடக்கக்கூடிய நாய் வீட்டில் சொந்தக்காரர் பக்கத்தில் படுத்தால்தான் நாலு வாய் சாப்பிடும் என்று நாங்களே அனுப்பிவிடுகிறோம். மருத்துவத்தில் அது சரியான முடிவு, பாலிசியின் கண்ணில் அது வெளிநோயாளி. இந்த இடைவெளியில்தான் நம் ஊரில் அதிகம் பேர் விழுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எங்கள் கேஸ் ஷீட்டைப் பற்றியது. "எத்தனை நாளாக இப்படி?" என்று நாங்கள் கேட்கும்போது, "ஒரு மாதமாகவே கொஞ்சம் மந்தமாகத்தான் சார் இருக்கிறான்" என்று சொல்லிவிடுவீர்கள். உண்மையில் அது போன மாதம் பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து படுத்ததாக இருக்கலாம். நாங்கள் ஒரு மாதம் என்று எழுதிவிடுவோம். பாலிசி எடுத்து மூன்று வாரமாகியிருந்தால் அந்த ஒற்றை வரியே கிளெய்மை முடித்துவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த நாளில் எந்த அறிகுறி என்று பிரித்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

பெரம்பூர்_சிப்பிப்பாறை

மாநகராட்சியில் உரிமம் வாங்கி மைக்ரோசிப் போட்டால் அதோடு காப்பீடும் சேர்ந்து வருகிறது என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். அப்படியானால் எதற்குத் தனியாக 5,400 ரூபாய்? என் சிப்பிப்பாறைக்கு அந்த உரிமம் இருக்கிறது.

மாம்பலம்_பழைய_சர்வேயர்

இல்லை ஐயா, அது பதிவு மட்டுமே. நாய் யாருடையது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை மாநகராட்சி தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. சிகிச்சைக்கு அதில் ஒரு காசும் வராது. ஆனால் அந்தச் சிப்பை வீணென்று நினைக்காதீர்கள். பாலிசியில் உள்ள நாயும் பில்லில் உள்ள நாயும் ஒன்றுதானா என்பது கிளெய்ம் மேசையில் எழும் முதல் சந்தேகம். ஒரே நிறத்தில் பத்து லாப்ரடார் இருக்கும் ஊரில் புகைப்படம் சாட்சியாகாது. சிப்பின் பதினைந்து இலக்க எண்ணை மருத்துவர் ஒவ்வொரு பில்லிலும் கேஸ் ஷீட்டிலும் எழுதினால் அந்தச் சந்தேகம் தொடக்கத்திலேயே அடங்கிவிடும்.

வேளச்சேரி_முத்து

சர்வேயர் ஐயா கேட்டபடி விலக்கு வாக்கியத்தைப் பதிவிடுகிறேன். மூலம் ஆங்கிலத்தில் உள்ளது, என்னால் இயன்றவரை தமிழில் தருகிறேன்: "உண்ணி, தெள்ளு, பேன், குடற்புழு உள்ளிட்ட அக, புற ஒட்டுண்ணிகளைத் தடுப்பதற்கோ நீக்குவதற்கோ ஆகும் செலவு." வரையறைப் பகுதியில் மருத்துவமனைச் சேர்க்கை என்பது தொடர்ச்சியாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் குறையாதது என்று தெளிவாகவே இருக்கிறது. வெளிநோயாளிப் பகுதியை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

மாம்பலம்_பழைய_சர்வேயர்

நன்றி. நான் எதிர்பார்த்தது இதைத்தான். தடுப்பது அல்லது நீக்குவது என்று எழுதியிருக்கிறார்கள், ஒட்டுண்ணிகளால் உண்டாகும் நோய் என்று எழுதவில்லை. சில பாலிசிகளில் அந்தச் சொற்களும் இருக்கும், அங்கே வாதம் அத்துடன் முடிந்தது. உங்களுடையதில் விலக்கப்பட்டது உண்ணி மருந்தும் ஸ்ப்ரேயும்தான். முத்துவுக்கு டிரிப்ஸ் ஏற்றியது உண்ணியை நீக்குவதற்கு அல்ல. பாலிசியின் சொல் இரண்டு பொருள் தரும்படி இருந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிரான பொருளையே கொள்ள வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றுக்கொண்ட நெறி.

ஆனால் இதில் வென்றாலும் இருபத்துநான்கு மணி நேர வரையறை அப்படியே நிற்கிறது. ஒரு சுவரை உடைத்தால் பின்னால் இன்னொரு சுவர். பணம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் எழுதச் சொல்கிறேன், அதற்குக் காரணம் உண்டு. உண்ணிக் காய்ச்சல் விலக்கப்பட்டது என்ற அவர்களுடைய பொருள்கோளை நீங்கள் மறுக்காமல் விட்டால், அடுத்த முறை முத்துவை முறைப்படி மூன்று நாள் சேர்த்து வைத்தாலும் அதே கடிதத்தைத்தான் அனுப்புவார்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஓராண்டுக் கெடு உண்டு.

கொளத்தூர்_கால்நடை

சர்வேயர் ஐயாவுக்கு ஓர் எச்சரிக்கையோடு ஆதரவு தருகிறேன். மருத்துவத்தில் அவர் சொல்வது சரி. எர்லிக்கியா என்பது உண்ணியின் எச்சில் வழியாக உள்ளே வரும் ஒரு பாக்டீரியா, இரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள் வாழ்வது. டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுப்பது அந்தப் பாக்டீரியாவுக்காக. கடித்த உண்ணி நாய் காய்ச்சலில் விழும்போது பெரும்பாலும் உடம்பிலேயே இருப்பதில்லை.

ஆனால் பெபேசியா என்ற வகையும் உண்டு. அது சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியேதான், அதற்கு ஊசி போடுவதை ஒட்டுண்ணி நீக்கம் என்று நிறுவனம் வாதாடினால் மறுப்பது கடினம். இரண்டையும் நாம் பேச்சில் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். ஆகவே முத்துவுக்கு எது என்பதைப் பரிசோதனை அறிக்கையில் பார்த்து, அந்தப் பெயரோடு எழுதுங்கள்.

அந்த அறிக்கை எந்த வகைப் பரிசோதனை என்பதும் முக்கியம். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் கோடு காட்டும் கிட் உடம்பில் உள்ள எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. நோய் குணமாகி மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூட அந்தக் கோடு வரும். பாலிசி தொடங்கிய புதிதில் இந்தக் கிட்டை மட்டும் வைத்து நோயென்று சொன்னால், இது பழைய நோய் என்று நிறுவனம் சொல்ல இடம் கிடைக்கிறது. கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை சற்றுச் செலவானாலும், இரத்தத்தில் கிருமி இப்போது இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

திருவான்மியூர்_கடற்கரை

என் முந்தைய பதிவில் மனிதக் காப்பீட்டின் விதிகளைக் கலந்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் ஒரு கேள்வி. வெளிநோயாளிக்கு இல்லை, பல்லுக்கு இல்லை, தடுப்பூசி இருக்கும் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி தவறியிருந்தால் இல்லை, பிறவிக் குறைக்கு இல்லை என்றால், இந்தப் பாலிசியை எதற்குத்தான் எடுப்பது?

மாம்பலம்_பழைய_சர்வேயர்

நியாயமான கேள்வி. நான் பார்த்த கோப்புகளில் தகராறு குறைவாக முடிந்தவை சாலை விபத்துகள். வேளச்சேரி நூறடிச் சாலையில் கேட் திறந்த நேரத்தில் ஓடிய நாய் காரில் அடிபட்டு, தொடை எலும்புக்குப் பிளேட் வைத்தால், அங்கே முன்பே இருந்த நோய் என்ற பேச்சு எழாது, நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் பொதுவாகப் பொருந்தாது, அறுவை என்பதால் நாய் எப்படியும் இரவு தங்கும். அடுத்து, ஏதாவது விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்ட நாய்கள்.

முத்துவின் கணக்கையே போட்டுப் பாருங்கள். அவன் முறைப்படி உள்நோயாளியாக இருந்திருந்தால், வீட்டு மாத்திரை 3,000 ரூபாயை விட்டு 24,400 ஏற்கப்பட்டிருக்கும். உங்கள் பங்கு 4,880 போக 19,520 கையில் வந்திருக்கும். அதாவது ஏறக்குறைய மூன்றரை ஆண்டுப் பிரீமியம். வெளிநோயாளியாக இருந்ததால் சுழியம். ஆகவே இளம் நாய்க்கு, சேமிப்பு இன்னும் வளராத முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, பெரிய விபத்துக்கென்று பாலிசியும், மேசை டிரிப்ஸுக்கென்று ரொக்கமும் என்று பிரித்துக்கொள்வதே என் கருத்து.

அம்பத்தூர்_லட்சுமி

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டைச் சாத்தி, கயிறு போட்டு அழைத்துப்போகிறவர்களுக்கு விபத்து எத்தனை முறை வரும்? உண்ணி எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் வருகிறது. 5,400 ரூபாயில் ஆண்டு முழுவதற்கும் உண்ணி மருந்து வாங்கிவிட்டு மிச்சத்தை வைப்பில் போடலாம். செலவைக் குறைக்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. காலையில் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கொளத்தூர்_கால்நடை

நான் படித்ததும் அங்கேதான். 1903-ல் தொடங்கிய கல்லூரி, நாய்களுக்கான இரத்த வங்கியும் அங்கே உண்டு. பிளேட்லெட் மிகவும் இறங்கிய நாய்களை நாங்களும் அங்கே அனுப்புகிறோம்.

லட்சுமி அம்மா, உங்கள் கணக்கு கயிறு போட்டுப் பழக்கிய நாய்க்குச் சரி. ஆனால் உங்கள் செல்லிக்கே இரண்டாவது அறுவையில் நகை வைக்க வேண்டி வந்ததே.

மடிப்பாக்கம்_இரவுப்பணி

ரொக்கம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், அதை எங்கே வைப்பது என்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு லட்ச ரூபாயை லிக்விட் மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தேன். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு என் பாக்ஸருக்கு வயிறு முறுக்கிக்கொண்டது, உடனே முன்பணம் 60,000 கேட்டார்கள். உடனடியாக எடுக்கும் வசதியில் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதை அந்த வரவேற்பறையில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். மைத்துனர் அனுப்பினார். இப்போது பாதியைச் சேமிப்புக் கணக்கோடு இணைந்த வைப்பாக மாற்றிவிட்டேன். பாலிசி இருந்திருந்தாலும் அந்த இரவில் உதவியிருக்காது, ஏனென்றால் நான் கேட்டறிந்தவரை நாய்க்குப் பெரும்பாலும் நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்குவதுதான்.

வேளச்சேரி_முத்து

அனைவருக்கும் நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். முத்துவுக்கு வந்தது எர்லிக்கியா, ஆனால் செய்தது கிட் பரிசோதனை மட்டும். பாலிசி தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்ததால் அவர்கள் பழைய நோய் என்று சொல்லவில்லை. குறைதீர்ப்பு அலுவலருக்கு நேற்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இருபத்துநான்கு மணி நேர வரையறையை நான் மறுக்கவில்லை, ஒட்டுண்ணி விலக்கை மட்டும் மறுத்து, அந்தக் காரணத்தைக் கடிதத்திலிருந்து நீக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன்.

மாதம் 2,000 வீதம் வங்கியில் ஒரு தொடர் வைப்பும் தொடங்கியாயிற்று. புதுப்பிப்பதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. மனைவி லட்சுமி அம்மாவின் கட்சி, எனக்குக் கேட்டை நினைத்தால் பயம். சர்வேயர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஜூனில் புதுப்பிக்கும்போது வெளிநோயாளிப் பகுதியைச் சேர்க்கச் சொன்னால், அக்டோபரில் வந்த காய்ச்சலைக் காட்டி எர்லிக்கியாவை முன்பே இருந்த நோய் என்று எழுதிவிடுவார்களா?

மாம்பலம்_பழைய_சர்வேயர்

எழுதக்கூடும். புதிதாகச் சேர்க்கும் பகுதிக்குக் காத்திருப்புக் காலமும் முன்நோய் விலக்கும் அந்த நாளிலிருந்து தொடங்குவதாகவே பல பாலிசிகளில் பார்த்திருக்கிறேன், உங்களுடையதில் எப்படி என்று தெரியவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் சொல்வதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.